கிண்ணத்தில் கெட்டியாகாதது ஃப்ரிட்ஜில் ஆகாது

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த சீஸ்கேக்கை வெளியே எடுத்து, டின்னின் வளையத்தைக் கழற்றியதும் வெள்ளைக் கூழாக வழிந்து தட்டை நிறைக்கிறது. இன்னும் நாலு மணி நேரம் வைத்திருக்க வேண்டுமோ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நாலு நாள் வைத்திருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும். அங்கே விசாரிக்க வேண்டியது நேரத்தை அல்ல, கிரீமை.

அவனில் வைக்காமல் செய்யும் இந்த வகை பிரிட்டிஷ் வீடுகளில் மிகவும் பழக்கமானது. டைஜஸ்டிவ் பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயில் பிசறி அடித்தளம் போடுவார்கள். அதன்மேல் கிரீம் சீஸும் ‘டபுள் கிரீமும்’ சேர்ந்த கலவை. அந்த டபுள் கிரீமில் கொழுப்பு 48 சதவீதம். நம் கடைகளில் சின்ன அட்டைப் பெட்டியில் ‘ஃப்ரெஷ் கிரீம்’ என்று கிடைப்பதில் பெரும்பாலும் 25 சதவீதம்தான். பனீர் பட்டர் மசாலாவுக்கு அது அருமையான பொருள். பீட்டரால் அடித்தால் கொஞ்சம் நுரைக்கும், ஆனால் நிற்காது. குறிப்பில் ‘கிரீம் 200 மில்லி’ என்று மட்டும் போட்டிருந்தால், அதை நம்பி இந்தப் பெட்டியை உடைத்து ஊற்றுகிறவர் மேல் என்ன குற்றம் சொல்வது?

ஜெலட்டின் போட்டிருந்தால் கிரீம் நீர்த்திருந்தாலும் சமாளித்துவிடலாம். அது திரவத்துக்குள்ளேயே வலைபோல் பரவி, குளிர்ந்ததும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பதால் பல வீடுகளில் அதற்கு இடமில்லை. அதற்குப் பதில் சைனா கிராஸ் போடலாம் என்பார்கள். ஆனால் அதைக் கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும். குளிர்ந்த சீஸில் பட்ட மாத்திரத்தில் அங்கங்கே கட்டிகட்டியாக உறைந்துவிடும். பக்குவமாகக் கலந்தாலும் வெட்டும்போது சீஸ்கேக்காக இருக்காது, கடற்பாசி அல்வா மாதிரி நறுக்கென்று உடையும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இரண்டும் இல்லாமல் கலவையை நிறுத்துவது கொழுப்புதான். குளிர்ந்த கிரீமில் உள்ள கொழுப்புத் துளிகள் பாதி இறுகிய நிலையில் இருக்கும். அடிக்கும்போது அவை ஒன்றோடொன்று முட்டி, ஒட்டி, உள்ளே புகும் காற்றுக் குமிழிகளைச் சுற்றி ஒரு கூடு கட்டும். கிரீம் சூடாக இருந்தால் கொழுப்பு இளகிவிடும், கூடு கட்டாது. கொழுப்பு 30 சதவீதத்துக்குக் கீழே போனால் கூடு கட்டவே ஆள் போதாது. 35 இருந்தால் கவலையில்லை. ஆகவே கட்டமைப்பு முழுக்கக் கிண்ணத்திலேயே முடிந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜ் செய்வது, அங்கே உருவானதை இன்னும் கொஞ்சம் இறுக்குவது மட்டுமே.

18 செ.மீ. அகலமுள்ள, அடி தனியாகக் கழலும் டின்னுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். டைஜஸ்டிவ் பிஸ்கட் 180 கிராமை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, ரவைப் பதத்துக்குப் பொடிக்க வேண்டும். உருக்கிய வெண்ணெய் 80 கிராம் ஊற்றிப் பிசறி, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை நின்றால் போதும். உதிர்ந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் வெண்ணெய். உள்ளங்கையில் எண்ணெய் வடிந்தால் வெண்ணெய் அதிகம். அப்படிப்பட்ட அடித்தளம் ஃப்ரிட்ஜில் கல்லாகிவிடும், முள்கரண்டியால் குத்தினால் துண்டு தட்டிலிருந்து எகிறும். மேரி பிஸ்கட்டில் கொழுப்பு குறைவு என்பதால் அதற்கு வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்தி, குறிப்பாக ஓரங்களை நன்றாக அழுத்தி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம்.

மேல் கலவைக்குக் கிரீம் சீஸ் 400 கிராம். இதைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து இளகவிட்டு, ஐசிங் சுகர் 80 கிராம் சேர்த்து, கட்டியில்லாமல் குழைக்க வேண்டும். வழவழப்பானதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடிக்க அடிக்கச் சீஸ் தளர்ந்துகொண்டே போகும். சாதாரணச் சர்க்கரை போட்டால் முழுக்கக் கரையாமல் பல்லில் நறநறக்கும். எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி போதும். வாசனைக்காக இன்னும் பிழியத் தோன்றினால் தோலை மெல்லச் சீவிப் போடலாம். சாறு என்பது கூடுதல் தண்ணீர்.

கிரீம் 200 மில்லியைத் தனியாக அடிக்க வேண்டும். கிரீம், கிண்ணம், பீட்டரின் கம்பிகள் எல்லாமே சில்லென்று இருக்கட்டும். சித்திரை வெயிலில் கிண்ணத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வைப்பதும் நல்லது. முதலில் பெரிய குமிழிகள், பிறகு மோர் நுரை, பிறகு பீட்டர் போன தடம் அழியாமல் நிற்கும். பீட்டரைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நின்று நுனி மட்டும் லேசாக வளையும் இடத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் அரை நிமிடம் போனால் மினுமினுப்பு மறைந்து திரிதிரியாகும், அதையும் தாண்டினால் வெண்ணெய் திரண்டு நீர் பிரியும். இந்தக் கிரீமை சீஸ் கலவையில் மூன்று தடவையாகப் போட்டு, அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிச் சேர்க்க வேண்டும்.

பரீட்சை இப்போதுதான். கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள். கலவை அசையாமல் இருந்தால் டின்னில் கொட்டிச் சமன்செய்து, மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். குறைந்தது ஆறு மணி நேரம், இரவு முழுக்க என்றால் உத்தமம். இட்லி மாவுபோல் வழிந்தால் அதை டின்னில் ஊற்றுவதில் பயனில்லை. அப்போதும் கைவசம் ஒரு வழி உண்டு: கோகோ வெண்ணெய் கலந்த அசல் வெள்ளைச் சாக்லேட் 120 கிராமை உருக்கி, சூடு தணிந்ததும் கலக்கலாம். கோகோ வெண்ணெய் அறைச் சூட்டிலேயே இறுகும் குணமுடையது, தளர்ந்த கலவையையும் இழுத்துப் பிடிக்கும். இனிப்பு ஏறும் என்பதுதான் விலை.

‘விப்பிங் கிரீம்’ என்று பேக்கரிச் சாமான் கடைகளில் உறைய வைத்து விற்பது பெரும்பாலும் பாலில்லாத தாவரக் கொழுப்பு. நம் வெயிலுக்கு அது பால் கிரீமைவிடத் திடமாக நிற்கும், அதை மறுக்க முடியாது. ஏற்கெனவே இனிப்பானது என்பதால் ஐசிங் சுகரைப் பாதியாக்க வேண்டும். சாப்பிட்டபின் மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் பூச்சு மிச்சமிருக்கும். விசேஷத்துக்கு வந்தவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள், செய்தவருக்குத் தெரியும்.

அடிக்கத் தகுந்த கிரீமே கிடைக்காத ஊரில் கண்டென்ஸ்டு மில்க் கைகொடுக்கும். ஒரு டின், அதாவது ஏறத்தாழ 400 கிராம், குழைத்த கிரீம் சீஸ் 225 கிராம், எலுமிச்சைச் சாறு 80 மில்லி. நம்மூர்ப் பழம் நாலைந்து பிழிய வேண்டியிருக்கும். இங்கே வேலை செய்வது காற்றோ கொழுப்போ அல்ல, புளிப்பு. சுண்டிய பாலில் புரதம் அடர்த்தியாக இருப்பதால், சாறு பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து, கலக்கும் கரண்டியிலேயே கனம் ஏறுவதை உணரலாம். முதல் வகையில் தண்ணீராகத் தொல்லை தந்த அதே சாறு இங்கே குறைந்தால் கலவை இறுகாது. துண்டு போட்டால் நிற்கும், ஆனால் முனைகள் கூர்மையாக இருக்காது. கஸ்டர்டுக்கும் சீஸ்கேக்குக்கும் நடுவிலான பதம். சின்னக் கண்ணாடிக் குவளைகளில் பரிமாறினால் அந்தக் கவலையும் இல்லை.

எந்த வகையானாலும் பாத்திரத்தை நன்றாக மூடி வையுங்கள்; கொழுப்பு பக்கத்திலிருக்கும் பூண்டுச் சட்னியின் வாசனையை இழுத்துக்கொள்ளும். ஃப்ரீஸரில் வைத்து அவசரப்படுத்தினால் உள்ளிருக்கும் நீர் ஐஸாகி, இளகும்போது தனியே கசியும். வெட்டும் கத்தியைச் சுடுநீரில் முக்கித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி துடைக்க வேண்டும். மாம்பழமோ வேறு பழமோ பரிமாறும் நேரத்தில் மேலே வைத்தால் போதும், முன்னாலேயே வைத்தால் சாறு கீழே இறங்கிப் பிஸ்கட்டை ஊறவைத்துவிடும். ஊறாமலே கூட மூன்றாம் நாளில் அடித்தளம் மொறுமொறுப்பை இழந்து பதத்துப்போகும்; சிலருக்கு அதுதான் பிடிக்கும்.