பத்து எண்களும் ஒரு வாலும்

ஒன்று, கால், ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று… இப்படி வர்க்க எண்களைத் தலைகீழாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் எவ்வளவு வரும்? 1650இல் இத்தாலியின் மெங்கோலி இந்தக் கேள்வியைப் போட்டார். பேசல் நகரத்து பெர்னூலி சகோதரர்களும் இதில் முட்டிமோதிப் பார்த்தார்கள். விடை இரண்டைத் தாண்டாது என்று காட்ட முடிந்தது. அது எந்த எண் என்பதுதான் பிடிபடவில்லை.

சூத்திரம் கிடைக்காவிட்டால் என்ன, கூட்டியே பார்த்துவிடலாமே என்று தோன்றும். நானும் ஒரு மாலை கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். பத்து உறுப்புகளைக் கூட்டியதும் 1.549767731167 வந்தது. சரியான விடை 1.6449இல் தொடங்குகிறது. அதாவது முதல் தசம இலக்கமே தவறு. ஆயிரம் உறுப்புகளைக் கூட்டினாலும் 1.6439தான் வரும், மூன்றாவது இலக்கத்திலேயே பிசகு. N உறுப்புகளோடு நிறுத்தினால் விட்டுப்போன வாலின் அளவு ஏறக்குறைய 1/N. ஆறு இலக்கம் சரியாக வேண்டுமென்றால் பத்து லட்சம் உறுப்புகளுக்கு மேல் கூட்ட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் கையில் இருந்தது இறகுப் பேனா மட்டும்.

ஆனாலும் லியோனார்ட் ஆய்லர் 1730களில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபடி, இந்தத் தொகையை இருபது தசம இலக்கம் வரை கணக்கிட்டார். அவர் நேராகக் கூட்டியது பத்தே உறுப்புகளைத்தான். மீதி வாலைக் கூட்டவில்லை, அளந்தார். அளந்தபின் எங்கெங்கே பிசகு நேர்ந்தது என்று பார்த்துத் திருத்தினார். அந்த வழியைத்தான் இங்கே நடந்து பார்க்கப்போகிறோம்.

வால் என்பது 1/11² + 1/12² + 1/13² + … என்று முடிவில்லாமல் போவது. y = 1/x² என்ற வளைகோட்டை வரைந்துகொள்ளுங்கள். பத்திலிருந்து வலப்பக்கம் முடிவிலி வரை அதற்குக் கீழே உள்ள பரப்பைக் கண்டுபிடிப்பது, பள்ளியில் தொகை நுண்கணிதம் படித்தவர்களுக்கு ஒரு வரி வேலை. விடை 1/10. வாலுக்குப் பதில் இந்தப் பரப்பை வைத்தால் 1.549768 + 0.1 = 1.649768. ஒரே ஒரு கூட்டலில் இவ்வளவு நெருங்கிவிட்டோம், ஆனால் கொஞ்சம் கூடிவிட்டது.

ஏன் கூடியது? 10இலிருந்து 11 வரை, 11இலிருந்து 12 வரை என்று பரப்பைத் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வளைகோட்டின் இரண்டு முனைகளை நேர்கோட்டால் இணைத்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். முதல் சரிவகத்தின் பரப்பு 10இல் உள்ள உயரத்தில் பாதியும் 11இல் உள்ள உயரத்தில் பாதியும் சேர்ந்தது. அடுத்தது 11இல் பாதி, 12இல் பாதி. எல்லாச் சரிவகங்களையும் கூட்டினால் 11, 12, 13… ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக வந்து முழுசாகிவிடும். 10 மட்டும் பாதியோடு ஒண்டியாக நிற்கும். நமக்கு வேண்டிய வாலில் 10க்கு இடமே இல்லை. அந்தப் பாதியைக் கழித்துவிட வேண்டும். அதுதான் முதல் திருத்தம்: 1/10²இல் பாதி, அதாவது 0.005. இப்போது 1.644767731. மூன்றாம் இலக்கம் வரை சரியாகிவிட்டது.

மிச்சப் பிசகு எங்கே? வளைகோடு உட்குழிந்து தொங்குவதால், அதன் மேல் போட்ட நேர்கோடு சற்று மேலேயே நிற்கிறது. சரிவகத்துக்கும் வளைகோட்டுக்கும் நடுவே மெல்லிய கீற்று ஒன்று இருக்கிறது. முதல் துண்டில் அதை அளந்தே பார்த்துவிடலாம். சரிவகத்தின் பரப்பு 0.00913223. வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு 1/10 − 1/11 = 0.00909091. வித்தியாசம் 0.00004132. அந்தக் கீற்றின் பருமனைத் தீர்மானிப்பது கோட்டின் வளைவு. கீற்றின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டாம் வகைக்கெழுவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. துண்டின் நடுவில், x = 10.5இல், அதைக் கணக்கிட்டால் 0.00004114 வருகிறது. ஏறக்குறைய பொருந்துகிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. கீற்றுகளும் முடிவில்லாமல் இருக்கின்றன. அவற்றைக் கூட்டுவதும் ஒரு முடிவில்லாத கூட்டல்தானே? அதையும் பரப்பாக மாற்றிவிடுகிறார்கள்! இரண்டாம் வகைக்கெழுவைத் தொகையிட்டால் முதல் வகைக்கெழு. எல்லாக் கீற்றுகளும் சேர்ந்து, 10 என்ற ஒற்றைப் புள்ளியில் உள்ள சரிவில் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகின்றன. இங்கே சரிவின் அளவு 2/1000, ஆகவே திருத்தம் 1/6000. கூட்டினால் 1.644934398. கீற்றுகளைப் பரப்பாக மாற்றியபோதும் சின்னப் பிசகு நேர்ந்திருக்கும். அதற்கு அடுத்த திருத்தம், அதன் பிசகுக்கு இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும்:

f(11) + f(12) + … = பரப்பு − f(10)/2 − f′(10)/12 + f‴(10)/720 − …

நம் தொடருக்கு இதில் எண்களைப் போட்டால் இப்படி வரும்:

1/10 − 1/200 + 1/(6·10³) − 1/(30·10⁵) + 1/(42·10⁷) − 1/(30·10⁹) + …

இதில் வரும் 1/6, −1/30, 1/42, −1/30 ஆகியவைதான் பெர்னூலி எண்கள். யாக்கோபு பெர்னூலி இறந்தபின் 1713இல் வெளியான நூலில் வந்தவை. நம் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரையும், 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது, இந்த எண்களின் பண்புகளைப் பற்றியதுதான். ஆய்லரைச் சாராமல் ஸ்காட்லாந்தின் மெக்லாரினும் இதே சூத்திரத்தைக் கண்டு 1742இல் வெளியிட்டார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்து ஆய்லர்-மெக்லாரின் சூத்திரம் என்கிறோம்.

மேலே எழுதிய ஆறு உறுப்புகளையும் போட்டு முடித்தால் 1.6449340668475 கிடைக்கிறது. உண்மை விடை 1.6449340668482. பத்து எண்களைக் கூட்டி, ஆறு திருத்தம் போட்டுப் பன்னிரண்டு இலக்கம். 1735இல் ஆய்லர் இந்தத் தொகை π²/6தான் என்று அறிவித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க இப்படிப்பட்ட துல்லியமான எண் கையில் இருந்தது. அவர் தந்த முதல் நிரூபணத்தில் ஓட்டைகள் உண்டு. எண் பொருந்தியதில் ஓட்டை இல்லை.

விடை தெரிந்த கணக்கில் பிழையைச் சொல்வது சுலபம். தெரியாதபோது எத்தனை இலக்கத்தை நம்பலாம்? 1/x² போன்ற சார்புகளுக்கு நல்ல விதி ஒன்று உண்டு. நிறுத்திய இடத்துக்கு அடுத்து வரவேண்டிய திருத்தம் எவ்வளவோ, பிழை அதைவிடக் குறைவு. குறியும் அதன் குறியே. 1/6000 வரை போட்டு 1.644934398இல் நிறுத்தினோம் அல்லவா? அடுத்த திருத்தம் −0.000000333. ஆகவே உண்மை விடை 1.644934064க்கும் 1.644934398க்கும் நடுவே எங்கோ அடைபட்டுக் கிடக்கிறது.

இன்னொரு சோதனையும் செய்யலாம். பத்துக்குப் பதில் இருபது உறுப்புகளைக் கூட்டி, அதே இடம்வரை திருத்துங்கள். 1.644934077 வரும். பிழை 0.00000033இலிருந்து 0.00000001க்கு, அதாவது சுமார் முப்பத்திரண்டில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது. அடுத்த திருத்தத்தின் கீழே N⁵ இருப்பதால் இரட்டித்தால் 2⁵ மடங்கு குறையத்தான் வேண்டும். குறையவில்லை என்றால் எங்கோ தப்பு செய்திருக்கிறோம்.

அப்படியானால் திருத்தங்களைப் போட்டுக்கொண்டே போனால் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் கிடைக்குமா? கிடைக்காது. பெர்னூலி எண்கள் ஆரம்பத்தில் சாதுவாக இருக்கும், பிறகு திமிறும். 5/66, −691/2730, 7/6, −7.09, 54.97, −529… பத்து உறுப்பு கூட்டுவானேன், ஒன்றே ஒன்றோடு நிறுத்தி (N = 1) திருத்துவோம் என்று நான் சோம்பேறித்தனமாக முயன்று பார்த்தேன். 1.5, 1.667, 1.633, 1.657 என்று நெருங்கி வந்தது. அடுத்து 1.624, 1.700, 1.446, 2.613 என்று தடுமாறி, அடுத்த அடியில் −4.48. மிகை எண்களை மட்டுமே கூட்டும் கணக்கில் குறை எண்! N = 10 என்றாலும் இதே கதைதான், சற்றுத் தள்ளி நடக்கும். சுமார் முப்பது திருத்தங்கள் வரை நன்மை, இருபத்தாறு இலக்கம் வரை கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு திருத்தமும் கெடுதல். மருந்தைப்போல அளவோடு நிறுத்த வேண்டிய தொடர் இது. திருத்தங்கள் சிறுத்துக்கொண்டே வந்து, எங்கே பெருக்கத் தொடங்குகின்றனவோ அதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். அது போதாது என்றால் N ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. f(x) = sin²(πx) என்ற சார்பை எடுத்துக்கொண்டு 1 முதல் 100 வரை கூட்டுங்கள். ஒவ்வொரு முழு எண்ணிலும் அதன் மதிப்பு பூச்சியம். கூட்டுத்தொகையும் பூச்சியம். ஆனால் 0 முதல் 100 வரை அதன் பரப்பு 50. இந்த 50ஐத் திருத்தங்கள் சரிசெய்யுமா என்று பார்த்தால், முனைகளில் உயரமும் பூச்சியம், தேவையான எல்லா வகைக்கெழுக்களும் பூச்சியம். அடுத்த திருத்தமும் பூச்சியம், ஆகவே பிழை இல்லை என்று மேலே சொன்ன விதியை நம்பினால் 50 அளவுக்கு ஏமாறுவோம். வகைக்கெழுக்கள் ஒரே குறியோடு ஒழுங்காகத் தேய்ந்துபோகும் சார்புகளுக்குத்தான் அந்த விதி. ஏறி இறங்கி ஆடும் சார்புகளுக்கு இல்லை. எவ்வளவு பிழை என்பதை ஒரு தொகையீடாகவே எழுதி இந்தச் சந்தேகத்துக்கு முறையான விடை தந்தவர் 1820களில் பிரான்சின் பாய்சான். ஆய்லர் காலத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் எண்களின் நடத்தையைப் பார்த்தே எங்கே நிற்பது என்று முடிவு செய்தார்.

நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். வர்க்கங்களுக்குப் பதில் கனங்கள்: 1 + 1/8 + 1/27 + … முதல் பத்தின் கூட்டுத்தொகை 1.197531986. வாலுக்கு 1/200 − 1/2000 + 1/40000 என்று மூன்றே உறுப்புகள் போட்டால் 1.202056986. அடுத்த திருத்தம் −1/(12·10⁶). அதைச் சேர்த்தால் 1.202056902. உண்மை மதிப்பு 1.202056903. இது விகிதமுறா எண் என்று 1978இல் ரோஜே அபேரி நிறுவினார். வர்க்கத்துக்கு π²/6 கிடைத்ததைப்போல இதற்கு ஒரு சூத்திரம் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.