பன்னிரண்டு வாரக் கெடு

வீட்டு வேலை, சித்தாள் வேலை செய்யும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. ஆனால் தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு முதலாளியின் கடிதம் தேவையில்லை. ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த, 19 வயது நிறைந்த பெண்ணுக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு இந்த உதவி உண்டு. மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 பணம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்.

கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அது ஜூன் 10 என்றால் செப்டம்பர் 2-க்குள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற செவிலியரிடமோ பதிந்து, பிக்மி எண்ணைப் பெற வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

ஆதாரும் வங்கிப் புத்தகமும் அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவரின் கணக்கைக் கொடுத்தாலோ, இரண்டிலும் பெயர் மாறியிருந்தாலோ பணம் நின்றுவிடும். பதியும்போதே ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

நான்காம் மாதத்தில் 6,000, பிரசவமாகி நான்காம் மாதத்தில் 6,000, குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் 2,000 என்று பணம் வரும். பின்னிரண்டு தவணைகளுக்கும் உரிய தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் புதிதாகப் பதிய வேண்டாம். அதே எண்ணை அங்குள்ள செவிலியரிடம் காட்டுங்கள். நாள் தள்ளிப்போன உடனே பதிந்துவிடுங்கள்.