சிக்னலில் சூடேறி இழுவை குறையும் பைக்

ஹைவேயில் எண்பதில் அலுங்காமல் போகிற பைக், ஊருக்குள் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் மட்டும் ஏன் தொய்ந்துபோகிறது? திராட்டிலைத் திருகினால் சத்தம் வருகிறது, வேகம் வருவதில்லை. தொடையில் அனல் அடிக்கிறது. நியூட்ரல் விழ மறுக்கிறது. நிழலில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் எதுவுமே நடக்காததுபோல மறுபடி ஓடுகிறது. ரேடியேட்டர் இல்லாத, காற்றை மட்டுமே நம்பியிருக்கும் இன்ஜின்கள் எல்லாவற்றிலும் வரக்கூடிய தொல்லைதான் இது. ஆனால் நல்ல நிலையில் இருக்கிற வண்டி, சென்னையின் மே மாத நெரிசலிலும் இப்படிச் சக்தி இழக்கக் கூடாது. இழந்தால், எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் வெப்பம். அதில் ஒரு பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். மீதியை இன்ஜின் ஹெட்டும் சிலிண்டரும் வாங்கி, தம்மைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள் வழியாகக் காற்றில் விட வேண்டும். மெக்கானிக்குகள் ஃபின்ஸ் என்று சொல்வது இந்தத் தகடுகளைத்தான். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் காற்று அவற்றின் இடுக்குகளில் பாய்கிறது. நின்றால் அந்தக் காற்று இல்லை. நின்றுகொண்டே இருந்தால்கூட அவ்வளவு மோசமில்லை, ஐட்லிங்கில் எரியும் பெட்ரோல் கொஞ்சம்தான். முதல் கியரில் அரை கிளட்ச் பிடித்து ஊர்வதுதான் கொடுமை. அப்போது இன்ஜின் ஓரளவு வேகமாகச் சுற்றுகிறது, காற்றோ நடந்து போகிற வேகத்தில்தான் வருகிறது. போதாததற்கு, உரசும் கிளட்ச் பிளேட்டுகளின் சூடும் இன்ஜின் ஆயிலிலேயே சேர்கிறது.

இந்த நிலையை இன்ஜின் தாங்குவதற்குச் சிறிது கையிருப்பு வேண்டும். ஆயில், ஃபின்ஸ், பெட்ரோலும் காற்றும் சேரும் விகிதம் ஆகிய மூன்றும்தான் அந்தக் கையிருப்பு. இதில் ஏதாவது ஒன்று கொஞ்சம் குறைந்தால் வண்டி சமாளித்துவிடும். மூன்றும் சேர்ந்து குறைந்தால் ஹைவேயில் தெரியாது, நெரிசலில் தெரிந்துவிடும்.

பல்லாவரத்தில் இருக்கும் நண்பர் ஒருவரின் வண்டியில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. கார்புரேட்டர் வைத்த 150 சிசி வண்டி, வாங்கி எட்டு வருடம் ஆகிறது. தினமும் கிண்டிக்குப் போய் வருகிறார். கத்திப்பாராவை நெருங்கும்போது வண்டி இழுக்காமல் போகிறது, சில நாள் சிக்னலில் அணைந்தே விடுகிறது என்று குரோம்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

"பிஸ்டன் போயிடுச்சுன்னு சொல்றாங்கண்ணே. போர் பண்ணணுமா?" என்று கேட்டார்.

"மொதல்ல ஆயில் ஸ்டிக்க பாப்போம் சார். இன்ஜின கடைசியா பிரிக்கலாம்" என்றார் அவர்.

இந்த வரிசை சரியானது. ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் அவர் இன்னொன்றும் செய்தார். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். பிரேக் இறுக்கமாக இருந்தால் சக்கரம் உடனே நின்றுவிடும். பிடித்திழுக்கும் பிரேக்கோடு போராடித்தான் பல வண்டிகள் சூடேறுகின்றன. இதில் அந்தக் குறை இல்லை. கிளட்ச் லீவரிலும் ஒரு விரல் பருமனுக்கு ப்ளே இருந்தது. அது இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஆயில் ஸ்டிக்கில் பிடிபட்டது. முனையில் மட்டும் கறுப்பாக ஒரு துளி ஒட்டியிருந்தது. வடித்து அளந்தபோது, ஒரு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 600 மில்லிதான் வந்தது.

பைக்கில் ஆயில் வழவழப்புக்கு மட்டும் இல்லை. பிஸ்டனின் அடியிலும் ஹெட்டிலும் இருக்கும் சூட்டை அள்ளிக் கீழே கொண்டுவந்து, இன்ஜின் கேசின் பரப்பில் ஆற்றிவிட்டு மறுபடி மேலே போகிறது. 400 மில்லி குறைந்தால், மிச்சமிருக்கும் 600 மில்லி அதே சூட்டைச் சுமந்துகொண்டு, ஆற நேரமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. சூடான ஆயில் தண்ணீர்போல இளகுகிறது. இளகினால் உலோகத்துக்கு இடையில் நிற்கும் படலம் மெலிகிறது, உராய்வு கூடுகிறது, அதனால் மேலும் சூடு. நியூட்ரல் விழாமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கிளட்ச் பிளேட்டுகள் சூட்டில் சரியாகப் பிரியாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு பொய்யாகக் காட்டும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க மேலும் இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். பிறகு ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் மரையைத் திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் திருகித்தான் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் அது எழுதியிருக்கும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல், அதிகப்படி ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும். வீட்டில் மீந்திருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றவே கூடாது. பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்துகள் கிளட்சை வழுக்கவைக்கும். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அந்த 400 மில்லி எங்கே போனது? சைலன்சரில் நீலப் புகை இல்லை, ஆகவே எரிந்து போகவில்லை. ஹெட் கவருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் வழியாகக் கசிந்திருக்கிறது. தரையில் சொட்டும் அளவுக்கு இல்லாததால் நண்பருக்குத் தெரியவேயில்லை. கசிந்த ஆயில் ஃபின்ஸ் மேல் வழிந்து, அங்கேயே மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரே கசிவு உள்ளே ஆயிலைக் குறைத்தது, வெளியே காற்று போகும் வழியையும் அடைத்தது.

டார்ச் அடித்துப் பார்த்தபோது சிலிண்டரின் முன்பக்கத்தில் நான்கைந்து இடுக்குகள் தார்போல இறுகிய மண்ணால் நிரம்பியிருந்தன. ஸ்பார்க் பிளக் பக்கத்தில், கண்ணுக்கே படாத மூலையில், குளவி கட்டிய மண்கூடு ஒன்று சுட்ட செங்கல்லைப்போல இறுகிக் கிடந்தது. வண்டி ஒரு வாரம் ஓடாமல் நின்றாலே குளவி அங்கே கூடு கட்டிவிடும். பிளக்கைச் சுற்றியுள்ள இடம்தான் இன்ஜினின் வெளிப்புறத்தில் மிகவும் சூடாகும் பகுதிகளில் ஒன்று. அங்கே காற்று போகாவிட்டால், மற்ற ஃபின்ஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை.

வாட்டர் சர்வீஸில் இதெல்லாம் போய்விடும் என்று நம்பாதீர்கள். அங்கே மேல் மண்தான் போகும். அதோடு, கழுவி முடித்ததும் பளபளப்புக்காக இன்ஜின் மேல் டீசலோ பழைய ஆயிலோ தெளிக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அடுத்த ஒரு வாரத் தூசி முழுவதையும் அந்த எண்ணெய்ப் பூச்சு பிடித்துக்கொள்ளும். தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபின்ஸை முறையாகச் சுத்தம் செய்ய, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தொட்ட பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு மூங்கில் குச்சியும் போதும். ஊறவிட்டு, குச்சியால் கிளறி, சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. மண்ணெண்ணெய் ஈரம் காயும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். லெக் கார்டில் பை, ரெயின்கோட், தார்ப்பாய் என்று கட்டி வைத்து முன்பக்கக் காற்றை மறைக்கிறவர்களும் அதை அவிழ்த்துவிடுவது நல்லது.

கேஸ்கெட்டை மாற்றி, புது ஆயில் ஊற்றி, ஃபின்ஸைச் சுத்தம் செய்த பிறகு வண்டி நன்றாகத் தேறியது. ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. திராட்டிலை விட்டபின் ஐட்லிங் உடனே இறங்காமல் சற்று நேரம் உயர்ந்தே நின்றது. கியரில் இறங்கி வரும்போது சைலன்சரில் பட்பட் என்று வெடித்தது. பிளக்கைக் கழற்றினால் முனையின் பீங்கான் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் எரிகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. பட்டறைப் பேச்சில் 'லீன்'.

மூன்றில் இதுதான் அதிகம் தவறவிடப்படுவது என்று நினைக்கிறேன். கார்புரேட்டரில் சிறிய திராட்டிலுக்கு ஒரு வழி, பெரிய திராட்டிலுக்கு வேறொரு வழி. நெரிசலில் வண்டி ஏறக்குறைய முழுக்க பைலட் ஜெட் என்ற நுண்ணிய துளையையும் அதை ஒட்டிய ஒரு ஸ்க்ரூவையும் நம்பித்தான் ஓடுகிறது. ஹைவேயில் மெயின் ஜெட் பெட்ரோல் கொடுப்பதால் பைலட் பக்கத்துக் குறை மறைந்துவிடும். பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரிகிறது. அடுத்த பாதைக்குப் போகும்போதும் எரிந்துகொண்டே போய் எக்ஸாஸ்ட் வால்வையும் போர்ட்டையும் வறுக்கிறது. சக்தியும் குறைகிறது. குறைந்த சக்தியை ஈடுகட்ட நாம் திராட்டிலை மேலும் திருகுகிறோம்.

நண்பர் வண்டியில் அந்த ஸ்க்ரூ இரண்டு சுற்று திறந்திருக்க வேண்டியது, ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தது. முந்தைய சர்வீஸில் "மைலேஜ் வரணும்" என்று அவரே கேட்டு வைக்கச் சொன்னதுதான். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால்தான் பெட்ரோலின் பங்கு கூடும். இது தெரியாமல் திருப்பினால் எதிர்மாறாகப் போய்விடும். இன்ஜின் சூடான பிறகு, ஐட்லிங் அதிகபட்சமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து ஸ்க்ரூவை அங்கே நிறுத்தி, ஐட்லிங் வேகத்தைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறக்க வேண்டும்.

ஸ்க்ரூ சரியாக இருந்தும் லீன் அடையாளங்கள் தெரிந்தால், கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரைச் சோதிக்க வேண்டும். ஐட்லிங்கில் அதன் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, சத்தம் மாறினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதும் பழைய கார்புரேட்டர் வண்டிகளை இந்தப் பக்கமாகவே தள்ளுகிறது. வெறும் பெட்ரோலின் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். அதே ஜெட்டில் அதே அளவு எரிபொருள் வரும்போது காற்று சற்று மிஞ்சிப்போகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் சென்சார் பார்த்து இதைத் திருத்திக்கொள்ளும் எஃப்ஐ இருக்கிறது. அவற்றில் மைலேஜுக்குத் திருக ஸ்க்ரூ இல்லை.

நடுவழியில் சூடேறி இழுக்காமல் போனால் நிழலில் நிறுத்தி அணைத்துவிடுங்கள். இருபது முப்பது நிமிடம் பொறுங்கள். தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான அலுமினியத்தில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் கோணலாகலாம், விரிசலும் விடலாம். ஆறிய பிறகு ஆயில் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு எடுங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், ஊற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

ஆயில், ஃபின்ஸ், கலவை மூன்றும் சரியாக இருந்தும் சூட்டில் சக்தி போனால், அடுத்துப் பார்க்க வேண்டியது டேப்பட் இடைவெளி. அது இறுகியிருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் அளந்து பார்ப்பது அதற்கும் பிறகுதான். போர் செய்யச் சொல்கிற மெக்கானிக்கிடம், இவையெல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.