மரம் காட்டும் இலாபமும் கைக்கு வரும் காசும்

நல்லதண்ணி முதலாய மலைநாட்டுத் தோட்டங்களில் இருவகை விளைவுகளைக் காண்கிறோம். ஒன்று தேயிலை, கொழுந்து கொய்யப்பட்டு, தூளாகி, கொழும்பு ஏலத்தில் விலைபோய், சில வாரங்களில் காசாகிவிடுகிறது. மற்றொன்று யூக்கலிப்டஸ் போன்ற மரம். அது காசாக இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஆயினும் கம்பெனியின் கணக்கேட்டில் இவ்விரண்டும் ஒரே ஆண்டின் இலாபமாகத் தோன்றுவதுண்டு. பங்கு வாங்க எண்ணும் குடும்பத்தார் இதனை அறிந்திருத்தல் நலம்.

1992ஆம் ஆண்டில் அரசாங்கத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. பின்னர் அவற்றுட் பலவற்றின் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தன. 2012 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கீட்டு நியமங்களின்படி, வெட்டி விற்பதற்கென வளர்க்கும் மரங்களை ஆண்டுதோறும் நியாயப் பெறுமதிக்கு மதிப்பிட்டு, ஏற்ற இறக்கத்தை இலாப நட்டக் கணக்கிற் காட்டவேண்டும். இது முறையானதே, இதில் மோசடி ஏதுமில்லை. ஆனால் மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, காசு வரவில்லை.

இவ்வாறு காசு கைமாறாமலே கணக்கில் ஏறும் வருமானத்தையும் செலவையும் அட்டுறு என்பர். அதனை அளக்க ஓர் உதாரணம் கொள்வோம். கற்பனைக் கம்பெனி ஒன்று வரிக்குப் பின் 12 கோடி ரூபா இலாபம் காட்டுகிறது. அதில் 7 கோடி மரப் பெறுமதி ஏற்றம். அதைக் கழித்தால் 5 கோடி. காசாக வெளியேறாத பெறுமானத் தேய்வு 2 கோடியைக் கூட்டினால் 7 கோடி. விற்காத தேயிலை இருப்பு 2 கோடியும், வாங்கியோர் தரவேண்டிய பாக்கி 1 கோடியும் அவ்வாண்டில் ஏறியுள்ளன; இவற்றைக் கழிக்க, தொழிலால் உண்மையிற் கிடைத்த காசு 4 கோடியே.

இனி இரண்டு கணக்குகள். தொழிற் காசை இலாபத்தால் வகுத்தால் 4/12. அதாவது நூறு ரூபா இலாபத்துக்கு 33 ரூபாவே காசாயிற்று. இது காசு மாற்று விகிதம். அடுத்து, இலாபத்திலிருந்து தொழிற் காசைக் கழித்தால் 8 கோடி. ஆண்டின் தொடக்கத்தில் மொத்தச் சொத்து 75 கோடி, இறுதியில் 85 கோடி எனில் சராசரி 80 கோடி. 8/80 என்பது 10 சதவீதம். இது அட்டுறு விகிதம். அட்டுறு மிகுந்த இலாபம் அடுத்த ஆண்டுகளில் நிலைப்பது குறைவு என்பதை பேராசிரியர் ரிச்சர்ட் சுலோன் 1996இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

விகிதம் கேள்வியைத்தான் எழுப்பும். விடையை ஆண்டறிக்கையின் குறிப்புகளிலே தேடவேண்டும். மர ஏற்றத்தை நீக்கினால் இலாபம் 5 கோடி, காசு 4 கோடி, நூற்றுக்கு 80. எனவே இடைவெளியின் பெரும்பகுதி மரத்தாலானது. அந்த 7 கோடி, எதிர்கால மர விலை, வெட்டும் காலம், கழிவு வீதம் ஆகிய ஊகங்களைப் பொறுத்தது. கழிவு வீதத்தைச் சிறிது குறைத்தாலும் பெறுமதி உயர்ந்துவிடும். நிலமோ 2045 வரையிலான குத்தகை நிலம். மரம் வெட்ட அனுமதியும் வேண்டும். அதற்குள் வெட்ட இயலுமா என்று பார்க்கவேண்டும். இருப்பு ஏறியதற்கும் காரணம் தேடவேண்டும்; நெடுநாள் தேங்கிய தூள் மணமும் விலையும் இழக்கும்.

விகிதம் நன்றாயிருந்தாலும் அமைதி கொள்ளலாகாது. தொழிலாளரின் சேவைக்காலப் பணிக்கொடையைச் செலவாக எழுதிவிட்டு, ஓய்வுபெற்றோருக்கு அதனைக் கொடாது தாமதித்தால், காசு மிகுந்து காணப்படும். அது உழைத்தவரிடம் பட்ட கடனேயன்றிச் சம்பாத்தியமன்று. இலாபம் மிகச் சிறிதாயிருக்கும் ஆண்டில் காசு மாற்று விகிதமும் பொருளற்றதாகிவிடும். ஆகையால் ஓராண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஐந்தாண்டு இலாபத்தையும் ஐந்தாண்டுக் காசையும் தனித்தனியே கூட்டி ஒப்பிடுதல் வேண்டும்.

காசே பொய்யானால் இவ்வளவைகள் பயன்படா. இந்தியாவின் சத்யம் கம்பெனி கணக்கேட்டிற் காட்டிய 5,361 கோடி இந்திய ரூபாக் காசில் 5,040 கோடி இல்லாத காசு என்று அதன் தலைவரே 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். வங்கியிலே பெருங்காசு இருப்பதாகச் சொல்லும் கம்பெனி, அதற்கேற்ற வட்டியை உண்மையாகவே பெற்றதா, கையிற் காசிருந்தும் ஏன் கடன் வாங்கியது என்றும் கேட்டறிதல் வேண்டும்.

பங்கிலாபம் காசாகவே கொடுக்கப்படுவது. மேற்சொன்ன கம்பெனி மீள்நடுகைக்கும் இயந்திரத்துக்கும் 3 கோடி செலவிட்டால் எஞ்சுவது 1 கோடி. 12 கோடியை நம்பிப் பங்கு வாங்குவோர், பங்கிலாபம் அந்த ஒரு கோடியிலிருந்தே வரவேண்டும் என்பதை மறவாதிருப்பாராக.