கையை எங்கே வைப்பது?

நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். போனில் மணிக்கணக்கில் பேசியிருப்பார்கள். நேரில் பார்த்தது இரண்டு மூன்று முறைதான், அதுவும் வீட்டார் சூழ. அப்படிப்பட்ட இருவரைப் புதுச்சேரியில் ஒரு மஞ்சள் சுவர் முன் நிறுத்தி, “இன்னும் நெருங்கி நில்லுங்க, சிரிங்க” என்றால் என்ன ஆகும்? தோள்கள் காதை நோக்கி ஏறும். உதடு இறுகும். தலைகள் மட்டும் ஒன்றையொன்று தொடும்படி சாய்ந்திருக்க, இடுப்புகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். ப்ரீ வெட்டிங் ஆல்பத்தில் விறைப்பாகத் தெரியும் படங்களில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

கூச்சம் இவர்களின் குறை அல்ல. சும்மா நில் என்று சொன்னால் யாருக்குமே கை எங்கே இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். அதனால் அனுபவமுள்ள போட்டோகிராபர் போஸ் சொல்வதில்லை, வேலை சொல்கிறார்.

புதுச்சேரியையே எடுத்துக்கொள்வோம். துய்மா வீதி கடற்கரைக்கு இணையாக, வடக்கு தெற்காக ஓடுகிறது. காலையில் கிழக்கு வரிசைக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழுவதால் வெளிச்சம் மென்மையாக இருக்கும், கண் கூசாது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் முகத்தில் எந்தச் சிரிப்பும் இயல்பாக வராது. கூட்டம் வருவதற்கு முன்பே போய்விட்டால் வேடிக்கை பார்க்கும் கண்களும் குறைவு. துணைக்கு வந்த அத்தையையும் தம்பியையும் காபி குடிக்க அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

முதல் வேலை நடப்பது. போட்டோகிராபர் முப்பது அடி தள்ளி, 135 அல்லது 200 மி.மீ. லென்ஸுடன் நிற்கிறார். தொலைவில் இருக்கும் கேமராவை இருவரும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். “அந்தக் கதவு வரைக்கும் மெதுவா நடந்து போங்க. கேமராவைப் பார்க்க வேண்டாம். கல்யாணச் சாப்பாட்டுல எந்த ஸ்வீட்டை எடுத்துடலாம்னு பேசி முடிவு பண்ணுங்க.” கையைப் பிடிக்கச் சொல்வதில்லை. பாதி வழியில், “தோளால லேசா இடிச்சுப் பாருங்க” என்கிறார். இடித்ததும் ஒருவர் தடுமாற, இன்னொருவர் சிரிக்க, படம் அங்கே கிடைக்கிறது. ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒரு நொடியாவது இருக்க வேண்டும். தொடர்ந்து எடுத்துத் தள்ள வேண்டும். பிறகு தேர்ந்தெடுக்கும்போது, ஒரு கால் இன்னொன்றை மறைக்காமல், முன்கால் எட்டி வைத்திருக்கும் படம்தான் அழகாக நிற்கும்.

அந்தச் சிரிப்பு ஏன் வேறுமாதிரி இருக்கிறது? பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1862-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். உதட்டோரத்தைத் தூக்கும் தசையை நாம் நினைத்தவுடன் இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சிக்கே எளிதில் அசையும். “சிரிங்க” என்ற கட்டளைக்கு உதடு மட்டும் கீழ்ப்படிகிறது. கேமரா திரையில் படத்தைப் பெரிதாக்கி வாய்ப்பகுதியை விரலால் மறைத்துப் பார்த்தால், கண் சிரிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

நடந்து முடித்ததும் உட்காரவைக்கலாம். வாசற்படியில் பெண் மேல்படி, பையன் ஒரு படி கீழே என்று உயரம் மாறினால், இருவரும் ஒரே நேர்க்கோட்டில் பாஸ்போர்ட் படம்போல் இருக்கமாட்டார்கள். கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்: டீ கிளாஸ், மல்லிகைச் சரம், அவிழ்ந்த வளையல் கொக்கி. அவள் தலையில் பூவைச் செருகச் சொன்னால் அவன் கவனம் முழுக்க ஹேர்பின்னில் இருக்கும். தொடுவதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. கை கேமராவுக்குப் புறங்கையைக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சிறியதாக, மென்மையாகத் தெரியும்.

ஒருவரையொருவர் பார்க்கச் சொல்வது கடினமான வேலை. அதைக் கடைசிக்கு வைப்பதே முறை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் பார்த்தால் வெட்கமும் அடக்கிய சிரிப்பும்தான் மிஞ்சும். ஒருவர் கீழே கையைப் பார்க்கட்டும், மற்றவர் அவர் காதோரத்தைப் பார்க்கட்டும். நின்றால் பாதங்கள் கேமராவுக்கு நேராக இல்லாமல் சற்றே ஒன்றையொன்று நோக்கித் திரும்பட்டும். உடல் எடை பின்காலில். இடுப்பு இடைவெளி தானாகக் குறையும். கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து, முழுவதும் விடச் சொல்லி, கண் திறக்கும் நொடியில் எடுத்தால் தோள் இறங்கியிருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. தூக்கிச் சுற்றுவது, நெற்றியில் முத்தம் போன்றவற்றை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுக் குடும்பத்தார் கேட்கலாம். ஆனால் பெண்ணோ பையனோ ஒரு முறை தயங்கினால் அதை விட்டுவிட வேண்டும்; கட்டாயப்படுத்தினால் அந்த இறுக்கம் அடுத்த அரை மணி நேரப் படங்களிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் இருவரும் முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நிற்கும் படத்தை எடுக்கலாம். முகம் காட்ட வேண்டியதில்லை என்பதால், நெருங்கி உட்கார அவர்களே தயாராவார்கள்.