தசமப் புள்ளி எங்கே வழுக்குகிறது? ஒர்க்‌ஷீட் தவறைப் பத்து நொடியில் பிடிக்கும் வழி

ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் கணக்கு ஒர்க்‌ஷீட்டைப் பார்க்க உட்காருகிறீர்கள். 4.8 × 2.5 என்ற கணக்குக்கு 0.12 என்று விடை எழுதியிருக்கிறது. இது சரியா, தப்பா? போனை எடுக்க வேண்டாம். 4.8 என்பது கிட்டத்தட்ட 5. ஐந்து இரண்டரை பன்னிரண்டரை. அப்படியானால் விடை 12-க்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். 0.12 நிச்சயம் தப்பு.

ஆனால் கவனியுங்கள், 1, 2 என்ற இலக்கங்கள் சரியாகவே வந்திருக்கின்றன. பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரிகிறது, புள்ளிதான் இடம் மாறிவிட்டது.

எப்படி மாறியது?

புள்ளியை மறந்துவிட்டுப் பெருக்கினால் 48 × 25 = 1200. இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கம் இருப்பதால், விடையில் வலமிருந்து இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி வைக்க வேண்டும். அப்போது 12.00 வரும். இந்தப் பிள்ளையோ கடைசியில் இருக்கும் பூஜ்ஜியங்களுக்கு மதிப்பில்லை என்று முதலிலேயே வெட்டிவிட்டு, மிச்சமிருந்த 12-ல் இரண்டு இடம் எண்ணியிருக்கிறது. முதலில் புள்ளி, பிறகுதான் பூஜ்ஜியத்தை நீக்குவது. இந்த வரிசை மாறினால் விடை நூறு மடங்கு சுருங்கிவிடும்.

இன்னொரு தவறு கூட்டல் பழக்கத்தால் வருவது. கூட்டலில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைத்தால் போதும். அதே கையோடு 3.2 × 1.4 போட்டால் 44.8 என்று வரும். மூன்றை ஒன்றரையால் பெருக்கினால்கூட நாலரைதான், 44 எப்படி வரும்? சரியான விடை 4.48.

வகுத்தலில் சிக்கல் வேறு

7.2 ÷ 0.3 கணக்கில் 0.3-ஐ 3 என்று மாற்றிக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளை அதை மட்டும் மாற்றிவிட்டு 7.2-ஐ அப்படியே விட்டால் 2.4 வரும். இரண்டையும் பத்தால் பெருக்கினால்தான் 72 ÷ 3 = 24 கிடைக்கும்.

இந்தத் தவறு கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. வகுத்தால் எண் குறையும் என்றே நாம் பழகியிருக்கிறோம். 7.2-ஐ வகுத்து 2.4 வந்தால் நியாயமாகவே தோன்றும். எனவே கணக்கை ஒரு பொருளாக மாற்றிக் கேளுங்கள்: 7.2 லிட்டர் எண்ணெயை 0.3 லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் வேண்டும்? ஒரு லிட்டருக்கே மூன்று பாட்டிலுக்கு மேல் ஆகிறது. ஏழு லிட்டருக்கு இருபதைத் தாண்டும். இரண்டரை பாட்டில் போதவே போதாது.

உத்தேசத்தை எப்போது போடுவது?

கணக்கைத் தொடங்கும் முன்பே, ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். விடை வந்த பிறகு போட்டால், அந்த விடைக்கு ஏற்றபடியே மனசு உத்தேசத்தை வளைத்துவிடும். தினமும் எண்களோடு வேலை பார்க்கும் நானும் இப்படித்தான் செய்கிறேன்.

ஒன்றைவிடச் சிறிய எண்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 0.06 × 48 என்ற கணக்கில் 0.06-ஐ பூஜ்ஜியம் என்று முழுமையாக்கினால் உத்தேசமே பூஜ்ஜியமாகிவிடும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, 48-ஐ மட்டும் 50 ஆக்குங்கள். நூற்றுக்கு 6 என்றால் ஐம்பதுக்கு 3. உண்மையான விடை 2.88.

உத்தேசம் கோட்டைவிடும் இடம்

6.12 ÷ 3 = 2.4 என்று எழுதியிருந்தால் உத்தேசம் உதவாது. 6-ஐ 3-ஆல் வகுத்தால் 2, பக்கத்தில்தானே இருக்கிறது என்று டிக் போட்டுவிடுவீர்கள். சரியான விடை 2.04. புள்ளிக்குப் பின் வரும் 1-ல் 3 போகாது, அதனால் ஈவில் ஒரு பூஜ்ஜியம் போட வேண்டும். பிள்ளை அதைத் தாண்டிப் போய்விட்டது. இங்கே திருப்பிப் பெருக்கிப் பாருங்கள்: 2.4 × 3 = 7.2. கொடுத்த எண் 6.12 என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும்.

அடுத்த முறை ஒர்க்‌ஷீட்டில் தப்பான விடையைப் பார்த்தால், சரியான விடையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சரியாக 10 அல்லது 100 மடங்கு என்றால் தவறு புள்ளியில் மட்டும்தான். மொத்தக் கணக்கையும் மறுபடி போட வைக்காதீர்கள். புள்ளி வைத்த அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். இலக்கங்களே வேறாக இருந்தால்தான் வாய்ப்பாட்டுக்கும் வகுத்தல் படிகளுக்கும் திரும்பிப் போக வேண்டும்.