நோயே இல்லாதவருக்கும் இரண்டு வருடக் காத்திருப்பு

"பாலிசி எடுக்கும்போது எனக்கு ஒரு நோயும் இல்லை. மெடிக்கல் செக்கப் கூட அவர்களே செய்தார்கள். அப்புறம் வந்த ஹெர்னியாவுக்குப் பணம் தர மாட்டேன் என்றால் என்ன நியாயம்?"

தனியார் மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் கவுன்ட்டர் முன்னால் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கேட்பவர் எதையும் மறைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனமும், பெரும்பாலான சமயங்களில், விதியை மீறவில்லை. இடையில் ஒரு ஷரத்து இருக்கிறது. அதை முகவரும் சொல்லவில்லை, பாலிசிதாரரும் படிக்கவில்லை.

மருத்துவக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் என்றால், 'ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம்' என்பதைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அது சரி. ஆனால் பாலிசியில் தனித்தனியாக மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. விபத்து தவிர எந்த நோய்க்கும் பொருந்தும் முதல் 30 நாள் ஒன்று. ஏற்கெனவே இருந்த நோய்களுக்கானது இன்னொன்று. மூன்றாவது, பெயர் குறித்துப் பட்டியல் போட்ட சில நோய்களுக்கும் அறுவை சிகிச்சைகளுக்கும் உரியது. ஹெர்னியா எனும் குடலிறக்கம், கண்புரை, மூலம், பௌத்திரம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், கர்ப்பப்பை அகற்றுதல், சைனஸ், மூட்டு மாற்று ஆகியவை இந்தப் பட்டியலில் வழக்கமாக இருப்பவை. பெரும்பாலான பாலிசிகளில் இவற்றுக்கு 24 மாதம். மூட்டு மாற்றுக்கு மட்டும் சில பாலிசிகள் அதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒழுங்குமுறையின்படி, இந்தப் பட்டியலுக்கும் சரி, ஏற்கெனவே இருந்த நோய்க்கும் சரி, உச்சவரம்பு 36 மாதம். அதற்கு முன் 48 மாதம் வரை போகலாம் என்று இருந்தது.

மூன்றாவது கடிகாரத்தின் குணமே வேறு. நோய் உங்களுக்கு முன்பே இருந்ததா, பாலிசி எடுத்த பிறகு புதிதாக வந்ததா என்று அது பார்ப்பதில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா, 24 மாதம் முடிந்ததா, அவ்வளவுதான். பாலிசி எடுத்த மறு வருடம் வந்த மூலமும், பத்து வருடமாக இருந்த மூலமும் இந்த ஷரத்துக்கு முன் ஒன்றுதான். விண்ணப்பத்தில் நேர்மையாக எழுதிக் கொடுத்து, நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டு பாலிசி கொடுத்திருந்தாலும் இந்தக் காத்திருப்பு உண்டு என்று ஷரத்தே சொல்கிறது.

ஏன் இந்த நோய்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள்? இவை மெல்ல வளர்பவை. நாள் குறித்து அறுவை செய்துகொள்ளக் கூடியவை. கண் மங்குகிறது என்று தெரிந்த ஒருவர், அடுத்த வாரமே பாலிசி எடுத்து அடுத்த மாதமே ஆபரேஷனுக்குப் படுக்க முடியும். மாரடைப்பில் அப்படித் திட்டமிட முடியாது. அதனால்தான் சாதாரணர் கணக்குக்குத் தலைகீழாகத் தோன்றும் ஒரு நிலை உண்டாகிறது: முன்பு இதயக் கோளாறு எதுவும் இல்லாதவருக்கு பாலிசியின் இரண்டாவது மாதத்தில் மாரடைப்பு வந்தால் பெரும்பாலான பாலிசிகளில் லட்சக்கணக்கில் கிடைக்கும். அதே ஆளுக்கு இருபதாவது மாதத்தில் மூல ஆபரேஷன் என்றால் ஒரு ரூபாய் கிடைக்காது.

ஓர் உதாரணத்தை நாள் வாரியாகப் பார்த்தால் கணக்குப் பிடிபடும். திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் 58 வயதுக்காரர் ஒருவர், 2023 ஜூலை 15 அன்று தனக்கும் மனைவிக்கும் சேர்த்து 5 லட்ச ரூபாய்க்கு பாலிசி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் நோய்களுக்கு 24 மாதம், ஏற்கெனவே இருந்த நோய்க்கு 36 மாதம். மனைவிக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்று 2021-லேயே மருத்துவர் சொல்லியிருந்தார். அதை விண்ணப்பத்தில் எழுதிவிட்டார்கள். 2024 ஜூலையில் புதுப்பிக்கும்போது, "சார், அஞ்சு லட்சமெல்லாம் இப்போ பத்தாது" என்று முகவர் சொன்னதைக் கேட்டுத் தொகையைப் 10 லட்சமாக்குகிறார்.

2024 நவம்பரில் இவருக்கு அரையில் ஒரு வீக்கம். மூட்டை தூக்கினால் துருத்துகிறது, படுத்தால் உள்ளே போகிறது. ஸ்கேனில் ஹெர்னியா என்று வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் ஆபரேஷனுக்குச் சேர்கிறார். மாலையில் கவுன்ட்டரில் இருக்கும் பெண், "ஐயா, அப்ரூவல் ரிஜெக்ட் ஆகிடுச்சு" என்று ஒரு தாளை நீட்டுகிறார். முதல் பாலிசி தொடங்கி 24 மாதம் முடியவில்லை என்பதுதான் காரணம். இவருக்கு முன்பு ஹெர்னியா இருந்தது என்று அந்தத் தாள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே நிறுவனத்துக்கு இல்லை.

இந்த இடத்தில் பலர் கோபத்தில் பாலிசியையே விட்டுவிடுகிறார்கள். அது தவறான முடிவு. ஷரத்து தடுப்பது அந்தக் காலத்துக்குள் செய்யும் சிகிச்சைச் செலவைத்தான். நோய் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பது இந்தக் கடிகாரத்துக்குப் பொருட்டில்லை. காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், இவர் 2025 ஜூலை 15 கழித்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம், பணமும் கிடைக்கும். பாலிசிக்குப் பிறகு வந்த நோய் என்பதால் 36 மாதக் கடிகாரம் இதற்கு ஓடாது. ஆனால் மருத்துவர் சொன்னால் மட்டும்தான். துருத்திய குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, வலியும் வாந்தியும் வந்துவிட்டால் அது அவசர ஆபரேஷன். அன்றைக்குக் காப்பீட்டைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அந்த அவசரத்துக்கும்கூட, 24 மாதம் முடியாவிட்டால், 'எல்லா வகை ஹெர்னியாவும்' என்று பட்டியலில் எழுதியிருப்பதைக் காட்டி மறுத்துவிடலாம். நாள் குறித்துச் செய்யக் கூடியது என்பதுதான் இந்தப் பட்டியலுக்கான நியாயம் என்றால், உயிருக்கு ஆபத்தான நிலையில் செய்யும் ஆபரேஷனையும் அதில் அடைத்திருப்பது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு வில்லங்கம் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. "எத்தனை நாளா இருக்கு?" என்று ஜூனியர் டாக்டர் கேட்க, பக்கத்தில் நிற்கும் மைத்துனர் "ரெண்டு மூணு வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கார்" என்று யோசிக்காமல் சொல்ல, அது அப்படியே எழுதப்படுகிறது. 24 மாதம் முடிந்து போடும் க்ளெய்மில் இந்த ஒரு வரி போதும். நோய் முன்பே இருந்தது, மறைத்துவிட்டீர்கள் என்று கடிதம் வரும். ஏற்கெனவே இருந்த நோய் என்பதற்கு விதிப்படியான பொருள், பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்தது, அல்லது மருத்துவர் சிகிச்சை சொன்னது அல்லது கொடுத்தது. உறவினரின் உத்தேசக் கணக்கு அதில் சேராது. முதன்முதலில் கண்டறிந்த மருத்துவரின் சீட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் தேதியோடு கையில் இருந்தால் எதிர்வாதம் செய்ய முடியும். அதற்காகப் பொய்த் தேதி சொல்லச் சொல்லவில்லை. உண்மையான தேதியைச் சொல்லுங்கள்.

இனி மனைவியின் முழங்கால். மூட்டு மாற்று பட்டியலில் இருக்கிறது, எனவே 24 மாதம். அவருக்கு அது முன்பே இருந்த நோயும்கூட, எனவே 36 மாதம். இரண்டையும் கூட்டி ஐந்து வருடம் என்று பயப்பட வேண்டாம். இரண்டு கடிகாரமும் ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை. எது நீளமோ அது பொருந்தும் என்பதே விதி. ஆக 2026 ஜூலை 15 வரை காத்திருக்க வேண்டும்.

அந்த ஆகஸ்டில் இரண்டு முழங்காலுக்கும் சேர்த்து 6 லட்சம் பில் வருகிறது என்று கொள்வோம். பாலிசியோ 10 லட்சம். முழுதும் கிடைக்குமா? கிடைக்காது. கூட்டிய 5 லட்சத்துக்குக் கடிகாரம் 2024 ஜூலையில்தான் ஓடத் தொடங்கியது. அந்தப் பகுதிக்கு 36 மாதம் முடிவது 2027 ஜூலையில். எனவே பழைய 5 லட்சம்தான் கணக்கில் வரும், மீதி ஒரு லட்சம் கைக்காசு. தொகையைக் கூட்டச் சொல்லும் முகவர் இதையும் சேர்த்துச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

விபத்து இந்த ஷரத்தின் கதவைத் திறக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அதனால் இடுப்பு மூட்டை மாற்ற நேர்ந்தால் காத்திருப்புக் கிடையாது. கண்ணில் அடிபட்டு வந்த புரைக்கும் அப்படியே. ஆனால் அதை விபத்து என்று தாள்தான் சொல்ல வேண்டும். விழுந்த அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய், எப்படி, எப்போது விழுந்தார் என்று குறிப்பில் எழுதச் செய்து, எக்ஸ்ரேயையும் அதோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

கூடுதல் பிரீமியம் கட்டினால் காத்திருப்பைக் குறைக்கும் ரைடர்களும் விற்கப்படுகின்றன. அவற்றில் பல ஏற்கெனவே இருந்த நோய்க்கான கடிகாரத்தை மட்டுமே குறைக்கின்றன, பட்டியல் நோய்களைத் தொடுவதில்லை. 'முதல் நாளிலிருந்தே எல்லாம் கவர்' என்ற விளம்பரத்தை நம்பிக் கண்புரைக்குப் போனவர்கள் ஏமாறுவது இங்கேதான். வேறு நிறுவனத்துக்கு மாறுவதாக இருந்தால், பழையதை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்காமல் போர்ட்டபிலிட்டி முறையில் மாற்றினால், பழைய தொகை அளவுக்கு முடிந்த மாதங்கள் கூடவே வரும். அலுவலகக் குழுக் காப்பீட்டில் இந்தக் காத்திருப்பைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்திருப்பார்கள். ஓய்வு பெறப் போகிறவர் கண்ணில் புரை இருக்கிறது என்றால், வேலையில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது லாபம்.

உங்கள் பாலிசியை இன்றே எடுத்து, விலக்குகள் பகுதியில் Excl02 என்ற குறியீட்டைத் தேடுங்கள். எல்லா நிறுவனத்து பாலிசியிலும் இந்த ஷரத்துக்கு அதே குறியீடுதான். பட்டியலில் என்னென்ன இருக்கின்றன, எத்தனை மாதம் என்று பாருங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் பாலிசியில் சேர்ந்த தேதியையும், தொகையைக் கூட்டிய தேதியையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வருடம் தவறாமல், தேதி தவறாமல் புதுப்பியுங்கள். தவணை தவறி, சலுகை நாட்களும் கடந்து பாலிசி காலாவதியானால், புதிதாக எடுக்கும் பாலிசியில் மூன்று கடிகாரங்களும் மறுபடி முதலிலிருந்துதான் ஓடும்.